எண் 60 காட்டுகிறது, படம் ஏன் திணறுகிறது?

திரையின் மூலையில் 60 என்று எண் தெரிகிறது. ஆனாலும் காரைத் திருப்பும்போது, சுவர் ஓரம் கடந்து எதிரியைக் குறிபார்க்கும்போது, படம் ஒரு கணம் உறைந்துவிட்டுத் துள்ளுகிறது. மேசைக் கணினியில் விளையாடுபவர்கள் "லேக் அடிக்குது" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இணையம் தாமதமாவதால் வரும் லேக் வேறு. அதில் மற்ற ஆட்டக்காரர்கள் இடம் மாறித் தெரிவார்கள், ஆனால் நம் பார்வையைச் சுற்றினால் படம் வழுக்கிக்கொண்டு நகரும். இங்கே நம் பார்வையே தடுக்கி விழுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். ஒரு விநாடி என்பது 1000 மில்லி விநாடி. அதில் 58 பிரேம்கள் ஒவ்வொன்றும் 15 மில்லி விநாடியில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 870 போயிற்று. மீதி 130 மில்லி விநாடியையும் ஒரே ஒரு பிரேம் தின்றுவிடுகிறது. எண்ணிக்கை காட்டும் கருவி 59 என்று காட்டும். கண்ணோ, எட்டு பிரேம்களுக்கு மேல் வந்திருக்க வேண்டிய நேரம் முழுக்க ஒரே படத்தை வெறித்துக்கொண்டிருக்கும். மணிக்கு ஆறு பேருந்து என்று அட்டவணை சொல்லி, ஆறும் ஒன்றின் பின் ஒன்றாக வந்துவிட்டு அப்புறம் ஐம்பது நிமிடம் ஒன்றும் வராவிட்டால் நிறுத்தத்தில் நிற்பவருக்கு அந்த ஆறால் என்ன பயன்? ஆகவே பார்க்க வேண்டியது விநாடிக்கு எத்தனை பிரேம் என்பதை அல்ல, ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை மில்லி விநாடி என்பதை. 60 பிரேம் சீராக வருகிறது என்றால் அந்த இடைவெளி எப்போதும் 16.7 மில்லி விநாடியை ஒட்டியே இருக்க வேண்டும்.

விண்டோஸில் பவர் பிளான், கேம் மோடு, பின்னணிச் செயலிகள் ஆகிய மூன்றையும் சரிசெய்வதால் கிடைக்கக்கூடியது இந்தச் சீர்மைதான். சராசரி எண் கூடும் என்று எதிர்பார்த்து இறங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கிராபிக்ஸ் கார்டு 97, 98 சதவீதம் உழைத்துக்கொண்டிருக்கும்போது விண்டோஸில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது கூடுதலாக ஒரு பிரேம் வரையப் போவதில்லை.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு G அழுத்தினால் கேம் பார் வரும். அதன் Performance பகுதி பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, நினைவகம் ஆகியவற்றின் உழைப்பைக் காட்டும். ஆனால் பிரேம் இடைவெளியின் கோட்டுப்படம் வேண்டுமானால் இன்டெல் இலவசமாகத் தரும் PresentMon அல்லது CapFrameX போன்ற ஒரு கருவி தேவை. ஒரே காட்சியை, ஒரே வழியில், ஒரு நிமிடம் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். சைபர்பங்க் 2077, ஃபோர்ஸா ஹொரைசன் 5 போன்ற விளையாட்டுகளில் அளவிடுவதற்கென்றே ஒரு சோதனை ஓட்டம் உள்ளேயே இருக்கிறது. அது இன்னும் நல்லது. மூன்று முறை ஓட்டி, மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோல வருகிறதா என்று பார்த்த பிறகே முதல் மாற்றத்தைச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஐந்தை ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரு மாதிரிப் பதிவை எடுத்துக்கொள்வோம். ஆறு கோர் பிராசஸர், 16 ஜிபி நினைவகம், நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு, 60 ஹெர்ட்ஸ் திரை. கோடு பெரும்பாலும் 16, 17 மில்லி விநாடியில் படுத்துக் கிடக்கிறது. ஆனால் அதன் மேல் மூன்று விதமான முட்கள் எழுகின்றன. முதல் வகை, ஒவ்வொரு விநாடியும் தவறாமல் 25 மில்லி விநாடி வரை எழும் சிறு முள். இரண்டாவது, புதிய பகுதிக்குள் நுழையும்போது மட்டும் 100 மில்லி விநாடியைத் தாண்டிப் பாயும் பெரிய முள். அதே பகுதிக்கு மறுபடி வந்தால் அது இல்லை. மூன்றாவது முள்ளே அல்ல: கால் மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு கோடு மொத்தமாக 17இலிருந்து 20க்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. விநாடிக்கு ஒரு முறை தவறாமல் வருவது விளையாட்டின் வேலையாக இருப்பது அரிது. கணினியில் ஏதோ ஒரு நிரல் கடிகாரம் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது என்று பொருள். வெப்பநிலையைக் காட்டும் கண்காணிப்பு மென்பொருள், விசைப்பலகைக்கும் நினைவகத்துக்கும் வண்ண விளக்கு ஏற்றும் மென்பொருள் இரண்டும் இந்த வகையில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை. மதர்போர்டில் உள்ள உணரிகளை அவை விநாடிதோறும் போய்க் கேட்கின்றன, அந்தக் கேள்விக்குச் சில சமயம் மொத்தக் கணினியும் ஒரு நொடிப்பொழுது காத்து நிற்கிறது. அவற்றை முழுவதும் மூடிவிட்டு, அதாவது சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை மட்டும் அழுத்தாமல் டாஸ்க்பாரின் வலது ஓரத்திலிருந்தும் வெளியேற்றிவிட்டு, மறுபடி பதிவு செய்யுங்கள். முட்கள் மறைந்தால் திருடன் அகப்பட்டான்.

இரண்டாவது வகை, விளையாட்டு தன் ஷேடர்களை, அதாவது ஒளியும் நிழலும் வரைவதற்கான சிறு நிரல்களை, அந்த இடத்திலேயே தயாரித்துக்கொள்வதால் வருவது. இதற்கு விண்டோஸ் அமைப்புகளில் மருந்து இல்லை. விளையாட்டு தொடங்கும்போது ஷேடர் தயாரிப்பு என்று ஒரு பட்டை ஓடினால் அதை அவசரப்பட்டுத் தாண்டாமல் முடிய விடுவதுதான் வழி. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த மறுநாள் பழைய விளையாட்டு திடீரெனத் திணறுவதும் பெரும்பாலும் இதனால்தான். சேமித்து வைத்திருந்தவை செல்லாமல் போய், எல்லாவற்றையும் மறுபடி தயாரிக்கிறது. இரண்டு மணி நேரம் விளையாடினால் தானே அடங்கும்.

மூன்றாவது வெப்பம். டாஸ்க் மேனேஜரின் Performance பகுதியில் பிராசஸரின் Speed என்ற எண் ஆட்டம் தொடங்கியபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தால், பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது. தூசி தட்டுவதும் மின்விசிறியைச் சரிபார்ப்பதும் இதற்கான வேலை. இந்தக் கணினியில் யாராவது பவர் பிளானை உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகலாம்.

இனிப் பின்னணிச் செயலிகளுக்கு வருவோம். பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான். பரவலான ஒரு தவறான எண்ணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். விண்டோஸ் 11இல் Settings > Apps > Installed apps என்று போய், ஒரு செயலியின் Advanced options-இல் Background apps permissions-ஐ Never என்று மாற்றலாம். அந்த ஏற்பாடு மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வகைச் செயலிகளுக்கு மட்டும்தான். நம் கணினியில் உண்மையில் பாரமாக இருக்கும் பிரவுசர், விளையாட்டு லாஞ்சர்கள், அரட்டைச் செயலி, வண்ண விளக்கு மென்பொருள் எல்லாம் பழைய பாணி நிரல்கள். அந்தப் பொத்தான் அவற்றைத் தொடாது. ஸ்டோர் செயலிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு "ஒரு வித்தியாசமும் இல்லையே" என்று சலித்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இரண்டு. Ctrl+Shift+Esc அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, Startup apps பகுதியில் கணினியோடு சேர்ந்து தானே எழுந்துகொள்பவற்றைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை தொடும் லாஞ்சர் தினமும் எழ வேண்டியதில்லை. அதன் மேல் வலது கிளிக் செய்து Disable கொடுத்தால் அது நீங்கிவிடாது, நாம் அழைக்கும்போது மட்டும் வரும். ஒலி, டச்பேடு, கிராபிக்ஸ் டிரைவர் சார்ந்தவை என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். எது என்று தெரியாததையும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது விளையாடும் நேரத்தில் நடப்பது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தபடி விளையாட்டைச் சாளர நிலையில் ஓட்டி, திணறல் வந்ததும் CPU, Memory, Disk ஆகிய மூன்று பத்திகளையும் மாற்றி மாற்றி வரிசைப்படுத்திப் பாருங்கள். டிஸ்க் பத்தி திடீரென உச்சிக்குப் போனால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: விண்டோஸ் அப்டேட் எதையோ இறக்குகிறது, டிஃபெண்டர் சோதனை செய்கிறது, அல்லது ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பு கோப்புகளை ஏற்றுகிறது. ஒன்டிரைவை அதன் குறும்படத்திலிருந்தே இரண்டு மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்கலாம். டிஃபெண்டரின் திட்டமிட்ட சோதனை, டாஸ்க் ஷெட்யூலரில் Microsoft > Windows > Windows Defender என்ற இடத்தில் Windows Defender Scheduled Scan என்ற பெயரில் இருக்கிறது. அதை நாம் விளையாடாத நேரத்துக்கு மாற்றி வைப்பது நியாயமான வேலை. பாதுகாப்பையே அணைப்பது நியாயமான வேலை அல்ல.

16 ஜிபி கணினிகளில் நினைவகத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிரவுசரில் முப்பது தாவல்கள் திறந்திருக்க, பக்கத்தில் ஒரு பெரிய விளையாட்டு ஓடினால், நினைவகம் நிரம்பி விண்டோஸ் சிலவற்றை டிஸ்க்குக்குத் தள்ளத் தொடங்கும். விளையாட்டு அந்தத் துண்டைத் திரும்பக் கேட்கும் கணம்தான் அந்த 130 மில்லி விநாடி. டாஸ்க் மேனேஜரில் நினைவகம் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்தாலே போதும். வேறு எதையும் தொடாமல் பிரவுசரை மூடிப் பாருங்கள். பல வீடுகளில் வைத்தியம் அதோடு முடிந்துவிடும்.

இன்னொன்று Settings > Gaming > Captures பகுதியில் இருக்கும் Record what happened. அது இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் கேட்காமலேயே ஆட்டம் முழுவதும் பின்னணியில் பதிவாகிக்கொண்டே இருக்கும். தேவையில்லாதவர்கள் அணைத்துவிடலாம். கிராபிக்ஸ் கார்டு மென்பொருளிலும், அரட்டைச் செயலியிலும், லாஞ்சரிலும் இதே போன்ற பதிவு வசதியும் திரை மேல் மிதக்கும் ஓவர்லேயும் இருக்கும். மூன்று ஓவர்லே ஒரே விளையாட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை நான் பலருடைய கணினியில் பார்த்திருக்கிறேன். ஒன்று போதும்.

பவர் பிளான் பற்றித்தான் இணையத்தில் அதிகச் சத்தம். உண்மையில் அங்கே நடப்பது என்ன? விளையாட்டை 60 பிரேமுக்குக் கட்டுப்படுத்தி ஓட்டுகிறோம் என்று கொள்வோம். பிராசஸர் ஒரு பிரேமுக்கான வேலையை 6 மில்லி விநாடியில் முடித்துவிட்டு, மீதிப் பத்தில் சும்மா இருக்கிறது. வேலை குறைவு என்று கண்டதும் அது வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பார்க்கும். அடுத்த பிரேமில் திடீரென வெடிப்பு, புகை, இருபது எதிரிகள். வேகம் மறுபடி ஏறி வருவதற்குள் தாமதமாகிவிட்டால் அது ஒரு முள். பழைய பிராசஸர்களில் வேகத்தை ஏற்றும் முடிவை விண்டோஸே எடுத்தது. அதற்கு ஏறத்தாழ 30 மில்லி விநாடி, அதாவது இரண்டு பிரேம் அளவு நேரம் பிடித்தது. High performance என்ற பிளான் அன்று வாங்கிய நற்பெயர் இதனால்தான்: Balanced பிளானில் குறைந்தபட்ச வேகம் 5 சதவீதம், High performance பிளானில் 100 சதவீதம். இறங்கினால்தானே ஏற வேண்டும்!

ஆனால் இன்டெல் 2015இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டி 2019இல் வந்த ரைசன் 3000 வரிசையிலிருந்தும் அந்த முடிவைப் பிராசஸரிடமே விட்டுவிட்டன. வேகம் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மில்லி விநாடி போதும் என்றாகிவிட்டது. அதனால் இன்றைய கணினியில் Balanced-க்கும் High performance-க்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. பல விளையாட்டுகளில் அளந்தால் ஒன்றுமே தெரியாது. High performance பிராசஸரின் உச்ச வேகத்தை உயர்த்துவதும் இல்லை. கீழே இறங்க விடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. பதிலுக்கு, ஆட்டம் இல்லாத நேரத்திலும் மின்சாரமும் சூடும் சற்றுக் கூடும்.

விண்டோஸ் 11இல் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொண்டது. பவர் பிளான் என்பது பழைய கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. பவர் மோடு என்பது Settings > System > Power என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. Balanced பிளான் நடப்பில் இருந்தால்தான் பவர் மோடைத் தேர்ந்தெடுக்க முடியும். High performance-க்கு மாறிவிட்டால் அந்தத் தெரிவு செயலிழந்துவிடும். என் பரிந்துரை, Balanced பிளானை அப்படியே வைத்துக்கொண்டு Power mode-ஐ Best performance என்று மாற்றுவது. வேகத்தை ஏற்றுவதில் தயக்கம் குறையும், ஓய்வெடுக்கும் திறனும் பிராசஸருக்கு மிஞ்சும். எந்தப் பிளான் நடப்பில் இருக்கிறது என்று பார்க்கவும், Balanced-க்குத் திரும்பவும் டெர்மினலில் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
powercfg /getactivescheme
powercfg /setactive SCHEME_BALANCED
```

Ultimate Performance என்று ஒன்று 2018இல் வந்தது. பெரிய வொர்க்ஸ்டேஷன் கணினிகளுக்காக மைக்ரோசாஃப்ட் செய்தது. மறைந்திருக்கும் அதை வெளியே கொண்டுவரும் கட்டளையை ரகசிய வித்தை போலப் பரப்புகிறார்கள். வீட்டு விளையாட்டுக் கணினியில் அதற்காக அலைய வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமாக, பிளானை உச்சத்துக்கு ஏற்றுவது வெளிப்படையாகக் கெடுதல் செய்யும் கணினிகளும் உண்டு. ஏஎம்டி 2023 பிப்ரவரியில் வெளியிட்ட ரைசன் 9 7950X3D ஒரு நல்ல உதாரணம். அதன் 16 கோர்கள் எட்டு எட்டாக இரண்டு சில்லுகளில் இருக்கின்றன. ஒரு சில்லின் மேல் மட்டும் கூடுதல் கேஷ் நினைவகம் அடுக்கப்பட்டு மொத்தம் 96 எம்பி இருக்கிறது. மற்றதில் 32 எம்பிதான். விளையாட்டுகளுக்கு அந்தப் பெரிய கேஷ்தான் உயிர். விளையாட்டு தொடங்கியதும் அதைக் கேம் பார் அடையாளம் காண்கிறது, உடனே ஏஎம்டியின் டிரைவர் மற்ற எட்டு கோர்களையும் உறங்க வைத்து விளையாட்டைச் சரியான சில்லுக்குத் தள்ளுகிறது. கோர்களை உறங்க வைக்கும் இந்த வேலை Balanced பிளானில்தான் நடக்கும். ஒருவர் பழைய பழக்கத்தில் High performance-க்கு மாற்றிவிட்டால், அல்லது தேவையற்ற செயலி என்று கேம் பாரை நீக்கிவிட்டால், எல்லாக் கோர்களும் விழித்துக்கொள்ளும். விளையாட்டின் வேலைகள் இரண்டு சில்லுகளுக்கும் இடையே ஓடி அலையும், பிரேம் கோடு ரம்பம் போலாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: டாஸ்க் மேனேஜரின் Performance பகுதியிலிருந்து Resource Monitor-க்குப் போய் CPU தாவலைப் பாருங்கள். விளையாடும்போது பாதிக் கோர்களின் பக்கத்தில் Parked என்று இருந்தால் எல்லாம் சரி. இல்லையென்றால் Balanced-க்குத் திரும்பி, கேம் பாரில் அந்த விளையாட்டுக்கு Remember this is a game என்ற கட்டத்தைக் குறித்துவிடுங்கள். ஒரே சில்லு கொண்ட 7800X3Dக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேம் மோடு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2017 ஏப்ரலில் விண்டோஸ் 10 அப்டேட்டோடு வந்தது. விளையாடும்போது விண்டோஸ் அப்டேட் டிரைவர் நிறுவுவதையும், கணினியை மறுபடி தொடங்கச் சொல்லும் அறிவிப்பையும் தடுப்பது, பிரேம் வேகத்தைச் சீராக வைக்க உதவுவது ஆகியவைதான் அதன் பணி என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். Settings > Gaming > Game Mode-இல் On என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஒரே விதிவிலக்கு, விளையாடியபடியே தனி மென்பொருளில் வீடியோ ஒளிபரப்புபவர்கள்: விளையாட்டுக்கு முன்னுரிமை போவதால் ஒளிபரப்பில் தடுமாற்றம் தெரிந்தால் அணைத்து அளந்து பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு கோடு இன்னும் மேலும் கீழும் ஆடினால், விளையாட்டின் சொந்த அமைப்பிலேயே பிரேம் உச்சவரம்பு வையுங்கள். 55க்கும் 95க்கும் இடையே ஊசலாடும் விளையாட்டைவிட, கிராபிக்ஸ் தரத்தை ஒரு படி இறக்கி 60இல் கட்டி நிறுத்திய விளையாட்டு கையில் நன்றாக நிற்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சுவிட இடம் கிடைப்பதுதான் அதற்குக் காரணம், எண் குறைந்ததே என்று வருத்தப்பட வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரே கிளிக்கில் விளையாட்டுக்காகக் கணினியைச் செதுக்கித் தருவதாகச் சொல்லும் ஸ்கிரிப்டுகளையும், பாதுகாப்பும் அப்டேட்டும் வெட்டி எறியப்பட்ட 'மெலிந்த' விண்டோஸ் பதிப்புகளையும் தொடாதீர்கள். அவை எதை மாற்றின என்று உங்களுக்குத் தெரியாது, திரும்பி வரவும் வழி இருக்காது. அதே கணினியில்தான் நீங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள். நீங்களே செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு எது எப்படி இருந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அளந்தபோது பலன் தராத மாற்றத்தை அன்றே பழையபடி திருப்பிவிடுங்கள்.